பத்து ரூபாய்ப் பங்குக்கு நாலேகால் லட்சம் வரி: ஸ்வெட் ஈக்விட்டியா, ஈசாப்பா?

மண்டபத்தில் கடல்பாசி பிழியும் கம்பெனி ஒன்று. பெயர் வேண்டாம். பச்சைப் பாசியை அரைத்துச் சாறு எடுத்து, பயிருக்குத் தெளிக்கும் திரவமாக டின்னில் அடைத்து விற்கிறார்கள். சாற்றை அன்றைக்கே பக்குவம் செய்யாவிட்டால் நாற்றமெடுத்து டின் உப்பிவிடும். அந்தப் பக்குவம் தெரிந்த ஒரே ஆள் உற்பத்திப் பொறுப்பாளர்தான். மாதச் சம்பளம் ஒரு லட்சம். 2025-ல் வெளியிலிருந்து ஒரு முதலீட்டாளர் வந்ததும், இந்த ஆளை விட்டுவிடக் கூடாது என்று முதலாளிகள் இருவரும் முடிவு செய்தார்கள். கம்பெனியில் ஒரு லட்சம் பங்குகள் இருந்தன. அதன் மேல் இவருக்கு 5,000 பங்குகள், முகமதிப்பான பத்து ரூபாய்க்கே.

ராமநாதபுரத்தில் என் ஆபீசுக்கு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு. "அண்ணே, ஐம்பதாயிரம் கட்டுனா போதும்ங்கிறாங்க. எழுதிக் கொடுத்திரவா?"

"பங்கோட இன்னைய மதிப்பு என்னன்னு சொன்னாங்களா தம்பி?"

சொல்லவில்லை. கேட்டுப் பார்த்ததில் 340 ரூபாய். அதாவது ஒரு பங்குக்கு 330 ரூபாய் சலுகை. 5,000 பங்குக்கு 16,50,000. வருமான வரிச் சட்டம் இந்த வித்தியாசத்தைச் சம்பளத்தோடு சேர்ந்த சலுகை வருமானமாகப் பார்க்கிறது. காசு கைக்கு வந்ததா, பங்கை விற்க முடியுமா என்றெல்லாம் அது கேட்பதில்லை. பங்கு பேருக்கு வந்த வருடமே வரி.

இப்படிப் பங்கு கொடுக்க இரண்டு வழிகள்தான் பெரும்பாலும் பேச்சில் வரும். ஒன்று ஸ்வெட் ஈக்விட்டி, அதாவது உழைப்புக்கும் அறிவுக்கும் ஈடாக இப்போதே பங்கை ஒதுக்கிவிடுவது. இன்னொன்று ஈசாப். முன்கூட்டியே குறித்த விலையில் பிற்பாடு வாங்கிக்கொள்ளும் உரிமையை மட்டும் இப்போது கொடுப்பது. இரண்டிலும் வரி விதிக்கும் முறை ஒன்றே. எந்தத் தேதியில் விழுகிறது என்பதுதான் வேறு. அந்தத் தேதியை வைத்துத்தான் எது நல்லது என்று சொல்ல முடியும்.

முதலில் ஸ்வெட் ஈக்விட்டி. 2026 ஜனவரியில் பங்கு ஒதுக்கினால், அது 2025-26 கணக்கில் வரும். இவர் புதிய வரி முறையில் இருக்கிறார். வருடச் சம்பளம் 12 லட்சத்தில் நிலைக்கழிவு 75,000 போக 11,25,000. பன்னிரண்டு லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் இதுவரை வரி பூஜ்யம். இதோடு 16,50,000 சேர்ந்ததும் வருமானம் 27,75,000 ஆகிறது. தள்ளுபடி போய்விட்டது. அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டால் 4,12,500, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 4,29,000. ஒரு ரூபாய் வரி கட்டாதவர் ஒரே கையெழுத்தில் நாலேகால் லட்சத்தைத் தாண்டிவிட்டார்.

இதை அடுத்த ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கட்டிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். அப்படி இல்லை. சம்பள வருமானம் என்பதால் கம்பெனியே டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதச் சம்பளம் மொத்தமே மூன்று லட்சம். பிடிக்க வேண்டியதோ 4,29,000. சம்பளம் முழுவதையும் பிடித்தாலும் இன்னும் 1,29,000 அவர் கையிலிருந்து கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வட்டியும் தண்டமும் கம்பெனி தலையில் விழும். சரி, கொஞ்சம் பங்கை விற்றுக் கட்டலாமே என்றால், ஸ்வெட் ஈக்விட்டியை மூன்று வருடத்துக்கு யாருக்கும் மாற்ற முடியாது. அந்தத் தடை கம்பெனிச் சட்ட விதியிலேயே இருக்கிறது. விற்க முடியாத பொருளுக்கு விற்றது போல வரி. பாசி இன்னும் மிதவையிலேயே தொங்கும்போது அறுவடைக் காசுக்கு வரி கேட்ட மாதிரி.

மதிப்பு போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனிச் சட்டத்துக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும். பட்டியலிடாத பங்கு என்பதால் வருமான வரிக்கு மெர்ச்சன்ட் பேங்கர் அறிக்கை வேண்டும். ஆடிட்டர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பது செல்லாது. இரண்டு அறிக்கையிலும் எண் ரொம்ப விலகி இருந்தால், பின்னால் கேள்வி வரும்போது பதில் சொல்வது சிரமம்.

ஒரு சின்ன சலுகை இந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது. மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பு ஒதுக்கும் அன்றையதாகவே இருக்க வேண்டியதில்லை, அதற்கு முந்தைய 180 நாளுக்குள் ஒரு தேதியை வைத்துப் போட்டதாகவும் இருக்கலாம். முதலீட்டாளர் வருவதற்கு முன்னாலேயே இந்தப் பங்கைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போதைய மதிப்பு 120 ரூபாய் என்று வையுங்கள். சலுகை 5,50,000-தான். வரி 1,40,400. முதலீட்டாளர் பணம் வந்த பிறகுதான் எல்லாருக்கும் தாராளம் வருகிறது, என்ன செய்ய.

இப்போது ஈசாப். இதே ஜனவரியில் 5,000 பங்குக்கான உரிமையைப் பத்து ரூபாய் விலையில் எழுதிக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு வரி இல்லை. குறைந்தது ஒரு வருடம் கழிந்த பிறகே உரிமை கனியும். வருடத்துக்கு 1,250 வீதம் நான்கு வருடத்தில் கனிகிற மாதிரி வைத்துக்கொள்வோம். கனிந்தாலும் வரி இல்லை. அவர் பணம் கட்டிப் பங்கை வாங்கும்போதுதான் வரி, அந்த நாளின் மதிப்பை வைத்து.

நல்லதும் கெட்டதும் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கம்பெனி முழுகிவிட்டால் அவர் வாங்கவே வேண்டாம், நஷ்டம் ஒன்றுமில்லை. ஸ்வெட் ஈக்விட்டி வாங்கியிருந்தால் ஐம்பதாயிரமும் போய், கட்டிய 4,29,000 வரியும் திரும்ப வராது. பங்கில் ஏற்பட்டது மூலதன நஷ்டம் என்று காட்டலாம். ஆனால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, மூலதன ஆதாயத்தில்தான் கழிக்கலாம். வேறு பங்கோ நிலமோ விற்காத ஆளுக்கு அது வெறும் காகிதம்.

கம்பெனி வளர்ந்தால் கணக்கு தலைகீழ். 2030-ல் பங்கு 700 ரூபாய்க்குப் போகிறது, அன்றைக்கே விற்கவும் ஆள் இருக்கிறார் என்று வைப்போம். சம்பளமும் வரி அடுக்கும் இதேதான் என்றும் வைப்போம். ஈசாப்பில் மொத்தமாக அப்போது வாங்கி விற்றால் 690 ரூபாயும் சம்பள வருமானம். வரி 9,90,600. ஸ்வெட் ஈக்விட்டியாக இருந்தால் 340 வரைக்கும்தான் சம்பள வருமானம், அதற்கு முதலிலேயே 4,29,000 கட்டியாகிவிட்டது. மூலதன ஆதாயம் போடும்போது அந்த 340-ஐயே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். பத்து ரூபாயைப் போட்டு இரண்டு தடவை வரி கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மீதி 360 ரூபாய் லாபத்துக்கு, 24 மாதம் தாண்டியதால் 12.5 சதவீதம். செஸ்ஸோடு 2,34,000. இந்த லாபம் சேர்ந்து வருமானம் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டுவதால் அந்த வருடமும் தள்ளுபடி போய், சம்பளத்துக்கு 54,600. ஆக மொத்தம் 7,17,600. வளர்ந்தால் ஸ்வெட் ஈக்விட்டியில் சுமார் இரண்டேமுக்கால் லட்சம் மிச்சம், விழுந்தால் நாலேகால் லட்சத்துக்கு மேல் நஷ்டம்.

"அப்ப வளரும்னு நம்பிக்கை இருந்தா இதுதானே நல்லது?" என்றார்.

நம்பிக்கையைவிட ரொக்கம்தான் முக்கியம் என்பது என் கட்சி. ஸ்வெட் ஈக்விட்டி நல்லது, மார்ச்சுக்குள் நாலு லட்சத்தைக் கடன் வாங்காமல் கொடுக்கக்கூடிய ஆளுக்கு. மகள் கல்லூரிக் கட்டணத்துக்குச் சீட்டுப் பணத்தை எடுக்கப்போகிறவருக்கு அல்ல.

ஈசாப்பிலும் நடுவழி உண்டு. நான்கு வருடம் சேர்த்து வைக்காமல், கனியக் கனிய வாங்கிவிடுவது. 2027-ல் முதல் 1,250 கனியும்போது மதிப்பு 400 என்றால் சலுகை 4,87,500. வரி 1,27,400. மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தாலும் வீடு ஓடும். அந்தப் பங்கின் பிந்தைய வளர்ச்சி 12.5 சதவீதக் கணக்குக்குப் போய்விடும். கம்பெனி தள்ளாடுவது தெரிந்தால் அடுத்த தவணையை வாங்காமல் நிறுத்தலாம். அந்த நிறுத்தும் வசதிதான் ஸ்வெட் ஈக்விட்டியில் இல்லாதது.

முதலாளிகள் ஒரு வாதம் சொன்னார்கள். "நாங்க ஸ்டார்ட்அப் சார், ஈசாப் வரியைத் தள்ளிப் போடலாம்." பாதிதான் சரி. தள்ளிப்போடும் வசதி, ஸ்டார்ட்அப் என்று மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை அங்கீகாரம் வாங்கிய எல்லாருக்கும் இல்லை. 80-ஐஏசி பிரிவுக்கான சான்றிதழ், அதாவது அமைச்சகங்களுக்கு இடையிலான குழு தருவது, தனியாக வேண்டும். இவர்களிடம் முதலாவது மட்டும் இருந்தது. அந்தச் சான்றிதழ் இருந்தாலும் வரி குறையாது, தேதிதான் நகரும். 2025-26-ல் ஒதுக்கியதற்கு 2031 மார்ச் 31 வரை பொறுக்கும். அதற்கு முன் பங்கை விற்றாலோ, வேலையை விட்டாலோ, 14 நாளுக்குள் வரி. வேலையை விட்டு வெளியே வரும் மாதத்தில் நாலேகால் லட்சம் கேட்கும் என்பதை யாரும் வேலைக்குச் சேரும்போது யோசிப்பதில்லை.

இன்னொரு குறுக்கு வழியும் பேச்சில் வந்தது. முதலாளி ஒருவர் தன் பங்கிலிருந்து 5,000-ஐப் பத்து ரூபாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டால்? வேலைக்காகக் கொடுத்தது என்று ஆகிவிட்டால் அதே சம்பளக் கணக்குதான். இல்லை என்றாலும், வித்தியாசம் ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் வாங்கியவருக்கு இதர வருமானம். விற்ற முதலாளிக்கோ பத்து ரூபாய்க்கு விற்றதாக எடுக்காமல் நியாயமான மதிப்புக்கு விற்றதாகவே கணக்கிடுவார்கள். இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. வேண்டாம் என்றேன்.

முதலாளிகளுக்கு இந்தத் தொல்லை வராததற்குக் காரணம் எளிது. அவர்கள் கம்பெனி பதிவான அன்றே பத்து ரூபாய் கட்டி எடுத்தார்கள். அன்றைக்கு மதிப்பும் பத்து ரூபாய்தான். வித்தியாசமே இல்லை. இவரையும் அன்றே சேர்த்து, நான்கு வருடத்துக்குள் போனால் பங்கைத் திருப்பிக் கொடுக்கணும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் முடிந்தது. இப்போது அவர்களே தங்களுக்கும் கூடுதலாகக் கேட்டால், ஈசாப் வழி அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்பில் முதல் பத்து வருடத்துக்கு மட்டும் திறந்திருக்கும். மற்றக் கம்பெனிகளில் முதலாளிக்கு ஈசாப் கிடையாது.

பங்கே இல்லாமல், மதிப்பு உயர்வைப் பின்னால் ரொக்கமாகக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. காசு வரும்போது வரி, அதனால் திணறல் இல்லை. ஆனால் முழுவதும் சம்பளமாகவே போகும், பங்குதாரர் என்ற பேச்சும் கிடையாது. அவர் அதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

கடைசியில் ஈசாப்புக்குத்தான் ஒத்துக்கொண்டார். ஒரு திருத்தம் மட்டும் கேட்கச் சொன்னேன். கடிதத்தில், வேலையை விட்டால் கனிந்த உரிமையை 30 நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. முப்பது நாளில் விலையும் கட்டி வரியும் கட்டுவது நடக்காது. இரண்டு வருடம் கேட்டோம், ஒரு வருடத்துக்கு இறங்கி வந்தார்கள். இந்த வருடம் ஜனவரியில் கையெழுத்தானது. முதல் 1,250 கனிவதற்குள் அவர் மாதம் பத்தாயிரம் தனியாக எடுத்து வைக்கிறார், டிடிஎஸ்ஸுக்கு.