முழுப் படமா, வெட்டிய படமா: கிளெய்முக்கு எதை அனுப்புவது?

நிறுத்தி வைத்திருந்த காரின் இடப்பக்கப் பின்கதவில், பின்னோக்கி வந்த வேறொரு வண்டி இடித்து நசுக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் மூன்று மீட்டர் தள்ளி நின்று படம் எடுக்கிறார். அந்தப் படத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எடுத்தபடியே அனுப்பலாம்; நசுங்கல் மட்டும் தெரியும்படி ஓரங்களை வெட்டி அனுப்பலாம்; பின்னணியை நீக்கிவிட்டுக் காரை மட்டும் தனியே பிரித்தும் அனுப்பலாம்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நசுங்கலை மட்டும் பார்ப்பதில்லை. இது காப்பீடு செய்த வண்டிதானா, எந்தப் பக்கத்துக் கதவு, தரையிலிருந்து எந்த உயரத்தில் அடி விழுந்திருக்கிறது, இடித்ததாகச் சொல்லப்படும் வண்டியின் பம்பர் அந்த உயரத்துக்குப் பொருந்துகிறதா, பக்கத்துப் பாகங்களும் விலகியிருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்ப்பார். முழுப் படத்தில் நம்பர் பிளேட், சக்கரம், தரை, கீழே சிதறிய பிளாஸ்டிக் துண்டுகள் ஆகிய எல்லாம் இருப்பதால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். வெட்டிய படத்தில் மிஞ்சுவது வண்ணம் பூசிய வளைந்த தகடு மட்டுமே. அது அதே நிறமுள்ள எந்தக் காரின் கதவாகவும் இருக்கக்கூடும்.

வெட்டுபவர்கள் சொல்லும் காரணம், சேதம் பெரிதாகத் தெரியும் என்பது. உண்மையில் வெட்டுவதால் ஒரு பிக்சல் அளவு நுணுக்கம்கூடக் கூடுவதில்லை. 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படத்திலிருந்து 800 × 600 பகுதியை வெட்டி எடுத்தால் கையில் இருப்பது மூலத்தின் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அதைத் திரையில் பெரிதாக்கும்போது கீறலின் ஓரங்கள் மங்கிப்போகும். அதே பகுதியை 60 சென்டிமீட்டர் தொலைவுக்கு நெருங்கி நின்று தனியாகப் படமெடுத்தால், நசுங்கலுக்கு ஏறத்தாழ 25 மடங்கு புள்ளிகள் கிடைக்கும். ஆகவே நெருக்கமான படம் வேண்டுமென்றால் நெருங்கிப் போய் எடுக்க வேண்டும். அந்தப் படமும் முழுப் படத்துடன் சேர்ந்து போனால்தான் அது எந்த இடத்துப் படம் என்று தெரியும்.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நசுங்கலுக்கு ஒரு சாண் தள்ளி, கதவின் கீழ்விளிம்பில் ஒரு பழைய கீறல் இருக்கிறது. அது தெரிந்தால் கோரிக்கையையே மறுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். என் கணிப்பில், இருக்கும் வழிகளிலேயே மிக மோசமானது இதுதான். பழைய கீறலில் துருவும் படிந்த அழுக்கும் இருக்கும், புதிய அடியில் பெயிண்ட் பெயர்ந்து உலோகம் பளிச்சென்று தெரியும். இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் சர்வேயர் அவற்றைப் பிரித்துப் பார்த்து, பழையதை மட்டும் கணக்கிலிருந்து கழிக்க முடியும். வெட்டிய படத்தை அனுப்பிவிட்டு, நேரில் பார்க்கும்போது அந்தக் கீறல் கண்ணில் பட்டால், சின்னக் கீறலாக இருந்தது மறைக்கப்பட்ட செய்தியாக மாறிவிடும். அதன்பின் உண்மையான நசுங்கலையும் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்.

பின்னணியை நீக்கிய படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விற்பனை விளம்பரத்துக்குத்தான் அது பொருந்தும். தரையும் நிழலும் போய்விடுவதால் உயரத்தைக் கணிக்க வழியில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், எது கார், எது பின்னணி என்பதைச் செயலியே முடிவு செய்கிறது என்பது. பெயர்ந்து தொங்கும் மெல்லிய ரப்பர் பட்டையையோ உடைந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் முனையையோ அது பின்னணி என்று எண்ணி அழித்துவிடலாம். அப்போது உரிமையாளர் தம் இழப்பின் ஒரு பகுதியைத் தாமே துடைத்தவர் ஆகிறார்.

கோப்புக்குள் இருக்கும் தகவலிலும் இந்த வேறுபாடு உண்டு. மூலக் கோப்பில் படம் எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர், அனுமதித்திருந்தால் இடம் ஆகியவை பதிவாகியிருக்கும். வெட்டும்போது சில செயலிகள் இவற்றை விட்டுவைக்கும், சில அழித்துவிடும். விட்டுவைத்தாலும் படத்தின் அளவு மாறியிருப்பது திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் மிஞ்சுவது ஸ்கிரீன்ஷாட் எடுத்த நேரம் மட்டுமே. கைபேசியின் கடிகாரமே தவறாக இருக்கலாம் என்பதால் இந்தத் தகவல் தனித்து நின்று எதையும் நிறுவாது என்பதும் உண்மை. ஆனாலும் மற்றச் சான்றுகளோடு ஒத்துப்போகும்போது அது உரிமையாளருக்கே துணையாகும். வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புவது நல்லது. படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, இந்தப் பதிவுகளும் போய்விடும்.

படத்தில் அயலாரின் முகம் விழுந்துவிட்டது என்றால், முடிந்தவரை அவர் விலகிய பின் மீண்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அது இயலாதபோது, முகத்தை மறைத்த நகலை அனுப்பி, மூலக் கோப்பு தம்மிடம் இருப்பதையும் என்ன மறைக்கப்பட்டது என்பதையும் உடன் எழுதிவிட வேண்டும். சேதத்தைச் சுட்டிக்காட்ட வட்டம் வரைய விரும்புகிறவர்களும் அதை நகலிலேயே வரைந்து, தொடாத மூலத்தையும் சேர்த்து அனுப்பலாம்.