போர் மோட்டார் வாரண்டி கிளெய்ம்: போட்டோவா, வைண்டிங் கடை லெட்டரா, ரீடிங் தாளா?

கல்லல், தேவகோட்டை பக்கத்துத் தோப்புகளில் வாரண்டிக்குள்ளேயே மோட்டார் போய்விட்டால், டீலரிடம் கொடுக்க மூன்று வகை ஆதாரம் கையில் வரும். செல்போனில் எடுத்த போட்டோ, வீடியோ ஒன்று. உள்ளூர் வைண்டிங் கடைக்காரர் எழுதித் தரும் லெட்டர் இன்னொன்று. மூன்றாவது, கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இன்சுலேஷன் பார்க்கும் மெக்கரும் வைத்துப் பார்த்து எழுதிய ரீடிங் தாள். பில்லும் வாரண்டி கார்டும் எப்படியும் வேண்டும், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மற்ற மூன்றில் என் ஓட்டு ரீடிங் தாளுக்கே. கீழே சொல்வது 3 பேஸ் நீர்மூழ்கி மோட்டாருக்கு, உதாரணத்துக்கு 5 எச்.பி.

கிளெய்ம் போனதும் கம்பெனி கேட்பது ஒரே கேள்விதான்: பழுது மோட்டாருடையதா, அதற்கு வந்த மின்சாரத்துடையதா? பேஸ் ஒன்று போய் ஓடியது, லோ வோல்டேஜில் ஓடியது, தண்ணீர் இல்லாமல் ஓடியது எல்லாம் பொதுவாக வாரண்டியில் வராது. நம் பக்கத்தில் இந்தச் சந்தேகம் சீக்கிரம் எழும். 3 பேஸ் இல்லாத நேரத்திலும் கண்டன்சர் போட்டு 2 பேஸில் மோட்டாரை ஓட்டும் வழக்கம் சர்வீஸ் ஆட்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஆதாரம் எத்தனை பக்கம் இருந்தாலும் பயன் குறைவு.

போட்டோ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. இது இன்ன மோட்டார், இன்ன தேதியில் போரிலிருந்து ஏற்றப்பட்டது என்பதற்கு மட்டும் அது சாட்சி. அதற்காகவாவது ஒழுங்காக எடுக்க வேண்டும். ஏற்றிய மோட்டாரின் பாடியில் செம்மண் அப்பியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் சீரியல் நம்பர் தெரியும். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ போட்டால் பொறித்த எழுத்து மழுங்கி, நம்பரை யாரோ சுரண்டியிருக்கிறார்கள் என்று புதிய வம்பு வரும்.

வைண்டிங் கடை லெட்டர் விஷயம் தெரிந்தவர் எழுதுவது. உள்ளே இருக்கும் காயில் பல நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் ஒரு பேஸ் போய் ஓடியிருந்தால் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது புதிது போல இருக்கும். டெல்டாவில் நேர்மாறு: ஒன்று கருகி இரண்டு தப்பும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ். ஒரே ஒரு காயிலில், ஒரே இடத்தில் பொத்துப்போய் மற்றவை நன்றாக இருந்தால்தான் தயாரிப்புக் குறை என்று வாதாட இடமுண்டு. இவ்வளவையும் படிக்கத் தெரிந்தவர் காரைக்குடியிலேயே கிடைப்பார். ஆனால் அதைப் பார்க்க அவர் மோட்டாரைப் பிரித்தாக வேண்டும். அங்கேதான் கிளெய்ம் செத்துப்போகிறது. வெளியில் பிரித்த மோட்டாருக்கு வாரண்டி இல்லை என்ற வரி பெரும்பாலான கார்டில் உண்டு. சரியான காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்கு விலையாக வாரண்டியைக் கொடுப்பது என்ன கணக்கு?

ரீடிங் தாள் மோட்டாரைப் பிரிக்காமலே அதே கேள்விக்குப் பதில் சொல்லும். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டு, ஆனால் ஓவர்லோட் ரிலே அடிக்கடி டிரிப் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எரிவதற்கு முந்திய இந்த நிலைதான் ஆதாரம் சேர்க்க நல்ல நேரம். முதலில் மூன்று பேஸுக்கிடையிலும் வோல்டேஜ் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு வயரிலும் கரண்ட். வந்தது இப்படி: லைன் 1-இல் சிவப்பு வயர் 11.2 ஆம்பியர், லைன் 2-இல் மஞ்சள் 9.6, லைன் 3-இல் நீலம் 9.8. சராசரி 10.2. அதிலிருந்து அதிகம் விலகியது சிவப்பு, 1 ஆம்பியர். சதவீதத்தில் பார்த்தால் சுமார் 10. முழு லோடில் இது 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இதோடு நிறுத்தினால் “லைன் 1-இல் வோல்டேஜ் சரியில்லை” என்று கம்பெனி ஆள் ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வோல்டேஜில் சின்ன ஏற்றத்தாழ்வு இருந்தாலும் கரண்ட்டில் அது பல மடங்காகத் தெரியும். அதனால் மெயினை ஆஃப் செய்து, ஸ்டார்ட்டரின் வெளிப்பக்கத்தில் மூன்று வயரையும் ஒரே திசையில் ஒரு இடம் தள்ளி மாட்ட வேண்டும். இரண்டு வயரை மட்டும் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், மூன்றையும் தள்ளினால் திசை மாறாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும், தாளில் அவர் கையெழுத்தும் வேண்டுமே.

இப்போது சிவப்பு வயர் லைன் 2-இல் 11.1 காட்டுகிறது, லைன் 1-க்கு வந்த நீலம் 9.7, லைன் 3-க்குப் போன மஞ்சள் 9.7. மறுபடி ஒரு இடம் தள்ளினால் சிவப்பு லைன் 3-இல் 11.2, மற்ற இரண்டும் பழையபடியே. எந்த லைனில் மாட்டினாலும் சிவப்பே அதிகம் இழுக்கிறது என்றால் குறை ஸ்டார்ட்டருக்குக் கீழே, அதாவது கேபிளிலோ ஜாயிண்ட்டிலோ மோட்டாரிலோ. வயரை மாற்றியும் அதிக ஆம்பியர் லைன் 1-ஐ விட்டு நகராவிட்டால் குறை மின்சாரத்தில். அப்படி வந்தால் அந்தத் தாளைக் கம்பெனிக்கு அனுப்பிப் பயனில்லை, மின்வாரியத்திடம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஜாயிண்ட்டைக் கழிப்பது அடுத்த வேலை. மோட்டாரை ஏற்றியதும் ஜாயிண்ட்டுக்குக் கீழே, மோட்டார் பக்க வயரில் கேபிளை வெட்டி, மோட்டாரை மட்டும் தனியாக அளக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே ஒரு மெகாஓமுக்கும் கீழே போனால் மோட்டாருக்குள்ளேயே எர்த், அதாவது கரண்ட் பாடிக்குக் கசிகிறது என்று தைரியமாக எழுதலாம். பேனலோடு சேர்த்து மெக்கர் சுற்றினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் கார்டு போய்விடும், கழற்றிவிட்டே பார்க்க வேண்டும். மூன்று ஜோடி வயருக்கும் ரெசிஸ்டன்ஸ் பார்க்கும்போது மீட்டரின் இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். சில ஓம் மட்டுமே உள்ள வைண்டிங்கில் அந்த அரை ஓம் பெரிய பிழை.

இந்த முறை கைவிடும் இடமும் உண்டு. மோட்டார் ஏற்கெனவே எரிந்து நின்றுவிட்டால் ஓடும்போது எடுக்கும் ஆம்பியர் கிடைக்காது. நின்ற மோட்டாரின் ரெசிஸ்டன்ஸ் கெட்டது எந்தப் பேஸ் என்று சொல்லுமே தவிர ஏன் கெட்டது என்று சொல்லாது. பேஸ் போய் எரிந்த மோட்டாரும் தயாரிப்புக் குறையில் எரிந்த மோட்டாரும் மெக்கரில் ஒரே மாதிரி பூஜ்யம் காட்டலாம். அதனால் மோட்டார் இறக்கிய அன்றே ஒரு ரீடிங், பிறகு மாதம் ஒன்று என்று பேனல் கதவின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருந்தால்தான் அப்போது பேச முடியும். சோலார் பம்ப்செட்டுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் டிரைவ் இருப்பதால் சாதாரண கிளாம்ப் மீட்டர் தப்பாகக் காட்டும்.

வைண்டிங்கை யாரும் பார்க்கவே கூடாது என்பதல்ல. பார்க்க வேண்டிய இடம் கம்பெனி சர்வீஸ் சென்டர். கிளெய்ம் கடிதத்திலேயே “பிரிக்கும்போது நாங்களும் இருக்க வேண்டும், தேதி சொல்லுங்கள்” என்று ஒரு வரி சேர்த்து, ரீடிங் தாளின் நகலை இணைத்துவிட வேண்டும். பிரித்ததும் காயில் முனைகள் முழு வட்டமாகத் தெரிய ஒரு படம், பாடியில் உள்ள சீரியல் நம்பரும் அந்தக் காயிலும் ஒன்றாகத் தெரிய ஒரு படம். அவர்கள் ஜாப் ஷீட்டில் “வோல்டேஜ் காரணம்” என்று மட்டும் எழுதினால், எத்தனை காயில் கருகியிருக்கிறது, எந்தப் பேஸ் என்பதையும் அதே ஷீட்டில் எழுதித் தரச் சொல்லி, அதற்குப் பிறகே கையெழுத்துப் போடலாம்.