அப்டேட் கேட்பது குரோமா, அந்தப் பக்கமா?

போன வாரம் ஈசூனில் இருக்கும் அக்கா, மகள் கல்யாணத்துக்குச் சாப்பாடு சொல்ல ஒரு கேட்டரிங் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். பக்கம் முழுக்க குரோம் லோகோ, நடுவில் நீலப் பட்டன். "குரோம் பழசாயிடுச்சாம், அப்டேட் பண்ணாத்தான் மெனு தெரியுமாம், பண்ணட்டுமாடா?" என்று படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

படத்தைப் பார்த்ததுமே அது போலி என்று தெரிந்துவிட்டது. கணினியில் குரோம் தன் அப்டேட்டைத் தானே பின்னணியில் இறக்கி வைத்துக்கொள்ளும், பிறகு மேல் வலது மூலையில், மூன்று புள்ளி மெனு இருக்கும் இடத்தில், மூடித் திறக்கச் சொல்லும், அவ்வளவுதான். அந்த மூலை எந்த இணையப் பக்கத்தின் கைக்கும் எட்டாது. போலி அப்டேட்டோ முகவரிப் பட்டைக்குக் கீழே, பக்கத்துக்குள்ளேயேதான் வரும். வேறு டேபுக்குப் போனால் அது கூட வராது.

அடுத்தது, கோப்பு. ஏற்கெனவே இருக்கும் குரோமை அப்டேட் செய்ய நீங்கள் எதையும் டவுன்லோட் செய்து திறக்க வேண்டியதில்லை. அக்கா அந்தப் பட்டனை ஏற்கெனவே ஒருமுறை தட்டியிருந்ததால் ஒரு ஜிப் கோப்பு இறங்கியிருந்தது, உள்ளே `Update.js`. விண்டோஸில் இதை இரட்டை கிளிக் செய்தால் பிரவுசரின் பாதுகாப்புக்கு வெளியே நேராக ஓட ஆரம்பித்துவிடும். சாக்கோலிஷ் என்ற மால்வேர் பல வருடமாக இந்த வழியில்தான் வருகிறது. நல்லவேளை, அக்கா திறக்கவில்லை, அப்படியே அழித்துவிட்டோம்.

"தெரிஞ்ச கடைதானே, இணைப்பு பாதுகாப்பானதுன்னும் குரோம் காட்டுதே?" என்றார். கடை உண்மையானதுதான், அதன் தளத்துக்குள் யாரோ புகுந்து நாலு வரி சேர்த்திருக்கிறார்கள், அந்தப் பாதுகாப்புக் குறிப்பு அதைக் காட்டாது. கடைக்காரரிடம் சொன்னால் "எனக்கு ஒன்னும் வரலையே" என்கிறார். வராதுதான். இந்த வகை போலிகள் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருமுறைதான் முகம் காட்டும், தளத்தை நிர்வகிப்பவர் லாகின் செய்திருந்தால் ஒளிந்துகொள்ளும். அதனால் இரண்டாம் முறை திறந்தபோது காணோம் என்பதை வைத்து, முதலில் வந்தது நிஜம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் புது டேபில் இதை நீங்களே தட்டுங்கள்:

```
chrome://settings/help
```

எந்தத் தளமும் உங்களை இந்த இடத்துக்குக் கூட்டிப்போக முடியாது, அதனால்தான் கையால் தட்டச் சொல்கிறேன். அப்டேட் பாக்கியிருந்தால் அங்கேயே இறங்கும். அக்காவின் குரோம் புதுசாகவே இருந்தது.

ஒருவேளை கோப்பைத் திறந்துவிட்டீர்களா? முதலில் வைஃபையைத் துண்டியுங்கள், அப்புறம் வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும் சொல்லுங்கள். அதே கணினியில் மாற்றினால் புதுசும் அவர்கள் கைக்குப் போய்விடலாம்.