சீட்டுக் கணக்கு ஆப்: மூடிய மாதத்தைத் தோண்டும் வியாதி

சீட்டுக் கணக்கு எழுதும் ஆப் ஒன்றின் ஆண்டுச் சந்தா பாதியாகக் குறைந்திருக்கிறது, தெருவில் புதுசாக ஏலச்சீட்டு ஆரம்பிக்கப் போகிறோம், எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. ஆப்பின் பெயரையும் சொல்லப் போவதில்லை. கீழே வரும் குறை அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் உரியதல்ல. உறுப்பினர் பட்டியல், மாதத் தவணை, சீட்டு எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளு, அதிலிருந்து ஆளுக்குக் கிடைக்கும் கழிவு, வாட்ஸ்அப் நினைவூட்டல், பி.டி.எஃப். அறிக்கை எல்லாம் இருக்கிறது என்பது எடுக்க நினைப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏல நாளன்று இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தள்ளு முடிந்ததும் தொகையைப் போட்டால் எடுத்தவருக்கு எவ்வளவு, தலைக்குக் கழிவு எவ்வளவு, இந்த மாதம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று மூன்றும் ஒரே திரையில் வந்து நிற்கும். கூட்டம் கலைவதற்குள் ஒவ்வொருவர் போனுக்கும் தமிழில் செய்தி போய்விடும். நடுவில் யாராவது "என் கணக்கு என்னாச்சு?" என்று கேட்டால் பெயரைத் தொட்டால் போதும், இதுவரை கட்டியது, இதுவரை வந்த கழிவு, சீட்டு எடுத்தாச்சா இல்லையா எல்லாம் தெரியும். எதிர்பாராமல் பிடித்துப்போனது இந்தப் பக்கம்தான். நோட்டில் இதைச் சொல்ல முன்பக்கத்திலிருந்து புரட்டிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இந்த ஆப்பில் ஒரு மாதம் முடிந்தால் அது முடிந்ததாக ஆகாது.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். 12 பேர், மாதம் 5,000, மொத்தம் 60,000. நடத்துபவருக்கு மாதம் 1,000 கமிஷன். சீட்டு எடுத்தவர், எடுக்காதவர் எல்லோருக்கும் கழிவு உண்டு. நாலாவது மாதம் 9,500 தள்ளிப் போகிறது. கமிஷன் போக 8,500. அதை 12 ஆல் வகுத்தால் 708 ரூபாய் 33 காசு கழிவு. ஆக ஒருவர் கட்ட வேண்டியது 4,291.67. காசைக் கையில் வைத்து யார் கட்டப் போகிறார்கள்? பெரும்பாலான சீட்டுகளில் அடுத்த ஐந்து ரூபாய்க்கு ஏற்றி 4,295 என்று வைத்துவிடுவார்கள். 12 பேரிடம் 51,540 வரும். எடுத்தவருக்கு 50,500, கமிஷன் 1,000, மீதி 40 ரூபாய் டீச் செலவு. எல்லோருக்கும் புரிகிற கணக்கு.

ஆப்புக்குப் புரியாது. அதைப் பொறுத்தவரை 4,291.67 கட்ட வேண்டியவர் 4,295 கட்டியிருக்கிறார், ஆகவே 3.33 முன்பணம். ஐந்தாவது மாதம் 8,200 தள்ளிப் போய் கழிவு சுத்தமாக 600 வந்தாலும், 4,400 என்று சொல்லாமல் 4,396.67 என்று நினைவூட்டல் அனுப்பும். ஒருவர் 4,400 போடுவார், இன்னொருவர் 4,397 போடுவார், மூன்றாமவர் சொன்னபடியே காசோடு ஜிபே செய்வார். மூன்று பேருக்கும் மூன்று விதமான மீதி, மாதாமாதம் பின்னாலேயே வரும்.

சரி, அமைப்பில் போய் முழுத்தொகையாக்கும் வசதியை இயக்கலாம் என்று தோன்றும். அதில் ஐந்து ரூபாய் கிடையாது, அடுத்த பத்துக்கு ஏற்றுவது மட்டும்தான். இயக்கிய நொடியில், முடிந்துபோன நாலாவது மாதத்துக்கான தொகை 4,300 ஆகிவிடும். 4,295 கட்டி முடித்த 12 பேருக்கும் ஐந்து ரூபாய் நிலுவை. அந்த மாதத்தின் கெடு எப்போதோ தாண்டியாச்சு. தாமதக் கட்டணம் 50 என்று வைத்திருந்தால் அதையும் சேர்த்து ஆளுக்கு 55. தானியங்கி நினைவூட்டல் ஓடிக்கொண்டிருந்தால் மறுநாள் காலையில் 12 போனுக்கும் "உங்கள் நிலுவை ரூ.55" என்று போய் நிற்கும். ஒழுங்காக, கெடுவுக்கு முன்பே கட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான். சீட்டு நடத்துகிறவருக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் ஒரே முதல் அவர் சொன்ன கணக்கு மாறாது என்பதுதான். அதில் கை வைக்கிறது இந்த ஆப்.

காரணம் எளிது. ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று தீர்மானித்த தொகையை ஆப் சேமித்து வைப்பதில்லை. தள்ளு எவ்வளவு என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, திரையைத் திறக்கும்போதெல்லாம் இன்றைய அமைப்பின்படி புதிதாகக் கணக்குப் போடுகிறது. அதனால் கமிஷனை மாற்றினாலும் இதேதான். நடுவில் ஒருவர் விலகி அவர் தங்கை சேர்ந்தால், பெயரை மாற்றியதும் அக்கா கட்டிய பழைய ரசீதுகள் எல்லாம் தங்கை பெயருக்கு மாறிவிடும். கணக்குப் பிள்ளை யாரும் இப்படி எழுத மாட்டார். முடிந்த பக்கத்தின் அடியில் கோடு போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்.

எந்த ஆப்பை எடுப்பதானாலும் காசு கட்டுவதற்கு முன் இதைச் சோதித்துவிடலாம், பத்து நிமிடம் போதும். பொய்ச் சீட்டு ஒன்று தொடங்குங்கள்: மூன்று பேர், ஆளுக்கு 1,000, கமிஷன் இல்லை. மூன்று பேர் என்பது வேண்டுமென்றே, வகுத்தால் காசு வர வேண்டும். ஒரு மாதம் 500 தள்ளியதாகப் போடுங்கள். ஆளுக்கு 833.33 வரும். மூவரும் 835 கட்டியதாகப் பதிந்துவிட்டு, கமிஷனை 60 என்று மாற்றுங்கள். பிறகு அந்தப் பழைய மாதத்தைத் திறந்து பாருங்கள். 833.33 அப்படியே இருந்தால் நல்ல ஆப். 853.33 என்று காட்டினால் அதுவும் இதே ஜாதி.

கையோடு தேதியையும் பார்த்துவிடுங்கள். ஐந்தாம் தேதி யு.பி.ஐ.யில் பணம் வந்து, நீங்கள் ஒன்பதாம் தேதி பதிந்தால் எந்தத் தேதி விழுகிறது? பல ஆப்களில் பதிந்த தேதியே கட்டிய தேதியாகிவிடுகிறது. தாமதக் கட்டணம் அதை வைத்துத்தான் ஓடும். தேதியைக் கையால் மாற்ற இடம் இருக்க வேண்டும். குறிப்புக் கட்டத்தில் யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் போட்டுவைத்தால் பின்னால் சண்டை வராது. இதையெல்லாம் தானே செய்துகொள்கிறேன், எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கொடு என்று ஆப் கேட்டால் கொடுக்க வேண்டாம். வங்கியின் ஓ.டி.பி.யும் அதே பெட்டியில்தான் வருகிறது.

ஏற்கனவே பாதிச் சீட்டு ஓடிவிட்டது என்றால் வழி இதுதான். மாதம் முடிந்ததும் அறிக்கையை பி.டி.எஃப். ஆக எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு திரை என்ன சொன்னாலும் அந்தத் தாள்தான் கணக்கு. ஓடுகிற சீட்டின் அமைப்பைத் தொடவே கூடாது. விதி மாறியே ஆக வேண்டுமென்றால் மிச்ச மாதங்களுக்குத் தனிச் சீட்டாகத் திறப்பதுதான் பாதுகாப்பு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: புதுச் சீட்டில் யார் ஏற்கனவே எடுத்தவர் என்று ஆப்புக்குத் தெரியாது, மறுபடியும் ஏலத்தில் சேர்த்துக்கொள்ளும். அப்படிக் குறிக்க வசதி இல்லாவிட்டால் பெயருக்குப் பக்கத்திலேயே "எடுத்தாச்சு" என்று எழுதிவைக்க வேண்டியதுதான்.

கூகுள் ஷீட்டோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. மேலே சொன்ன 12 பேர் சீட்டுக்கு, B5 கட்டத்தில் தள்ளுத் தொகை இருந்தால் கட்ட வேண்டியதை ஐந்து ரூபாய்க்கு ஏற்றிச் சொல்ல இது ஒன்று போதும்:

```
=CEILING(5000-(B5-1000)/12,5)
```

4,295 வந்துவிடும். அந்தக் கட்டத்தை நகலெடுத்து அதே இடத்தில் Ctrl+Shift+V கொடுத்தால் வாய்ப்பாடு போய் எண் மட்டும் நிற்கும். மாதம் மூடியாச்சு. காசு வாங்குகிற ஆப்பில் இல்லாத வசதி இது. ஆனால் ஷீட் செய்தி அனுப்பாது, சின்னப் போன் திரையில் 12 பெயரை நகர்த்திப் பார்ப்பதும் எரிச்சல்தான்.

இன்னொன்று, ஆப் தருகிற அச்சு ரசீதும் சீட்டு எண்ணும் பார்க்க கம்பெனி மாதிரியே இருக்கும். அது பதிவு ஆகாது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் கேட்கும் முன் அனுமதியும் பதிவும் வேறு. 2019 திருத்தத்தில் கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதத்திலிருந்து 7 ஆனது. ஆப்பின் அமைப்பில் இருக்கும் சதவீதக் கட்டம் அந்தச் சீட்டுகளை மனதில் வைத்தது. தெருச் சீட்டுக்கு அதை விட்டுவிட்டு நிலையான தொகை என்று மாற்றிக்கொள்ளுங்கள், அதுவும் முதல் மாதத்துக்கு முன்பே. தவணைப் பணத்தைத் தன் வழியாக வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லும் ஆப் பக்கமே போக வேண்டாம். நமக்குத் தேவை கணக்கு எழுதுகிற ஆள், பணத்தை வைத்திருக்கிற ஆள் இல்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. அந்த 55 ரூபாய்ச் செய்திக்கு இதற்கு மேல் மனசு வரவில்லை. ஆனால் நண்பர் கேட்டதற்குப் பதில், எடுக்கலாம் என்பதுதான். அவர் தொடங்குவது 20 பேர் சீட்டு. தள்ளும் கமிஷனும் நூறு நூறாகவே போனால் 20 ஆல் வகுத்தால் கழிவு எப்போதும் ஐந்தின் மடங்காகவே வரும், காசுத் தொல்லையே எழாது. 10 பேருக்கும் அப்படித்தான். 25 பேர் என்றால் ஐந்தின் மடங்காக வராவிட்டாலும் முழு ரூபாயாகவே வரும். 12, 15, 18 பேர் என்றால் ஷீட்டே மேல். தொடங்கும் நாளிலேயே தாமதக் கட்டணத்தைப் பூஜ்யமாக்கி, தானியங்கி நினைவூட்டலை நிறுத்திவிட்டு, செய்தியை நீங்களே படித்துப் பார்த்து அனுப்புங்கள்.