போட்டோவில் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட்: எக்ஸெலா, டெசராக்டா, கையால் அடிப்பதா?

போன மாதம் ஒரு மளிகைக்கடைக்காரர் தன் நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்டை போட்டோ எடுத்து எங்கள் ஆபீசுக்கு அனுப்பினார். 11 பக்கம், முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான வரிகள். "நெட் பேங்கிங்ல இறக்கி அனுப்புங்கண்ணே" என்றேன். "அது பையனுக்குத்தான் தெரியும் தம்பி, அவன் ஊர்ல இல்ல" என்றார். எக்ஸெல் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ கிடைத்தால் இந்த அலசலே வேண்டாம். கிடைக்காதபோது என்ன செய்வது என்பதுதான் பேச்சு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கினேன்.

முதல் பக்கத்தைக் கையால் எக்ஸெலில் அடித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று பக்கம் என்றால் இதுவே போதும். பதினொன்றுக்குக் கண் தாங்காது. கூகுள் டிரைவில் போட்டு டாக்ஸில் திறந்தால் எழுத்து நன்றாகவே வருகிறது. ஆனால் கட்டம் கலைந்து, எந்தத் தொகை பற்று, எது வரவு என்று தெரியாமல் போகிறது. கடைசியில் போட்டி இரண்டுக்குள்தான்: எக்ஸெலின் Data from Picture, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருளான டெசராக்ட்.

டெசராக்ட் இலவசம். படம் நம் கணினியை விட்டு வெளியே போகாது. இப்படி ஓட்டினால்,

```
tesseract p01.jpg p01 --psm 6 tsv
```

ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே இருக்கிறது என்பதை `left`, `width` என்ற எண்களோடு தரும். தொகைகள் வலது ஓரம் ஒட்டி அச்சாவதால், அந்த இரண்டையும் கூட்டினால் தொகை எந்தப் பத்தியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அழகான வழிதான். ஆனால் தாள் கொஞ்சம் சாய்ந்தால் மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் அந்த எண் மாறுகிறது. அதைச் சரிசெய்ய ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். நான் நாலு பக்கம்தான் இதில் ஓட்டினேன், அதனால் கை பழகியவர் வேறு மாதிரி சொல்லலாம்.

நான் எடுத்துக்கொண்டது எக்ஸெல். Data, From Picture என்று போய்ப் பக்கம் பக்கமாகப் படத்தைக் கொடுத்தால் கட்டமாகவே வருகிறது. சந்தேகமான கட்டங்களை அதுவே நிறம் போட்டுக் காட்டும். அதை முழுதாக நம்பாதீர்கள்: தப்பாகப் படித்ததையும் சில நேரம் தைரியமாகவே காட்டுகிறது. பெரிய குறை, காலியான கட்டத்தைத் தாண்டித் தொகை பக்கத்துப் பத்திக்கு நகர்வது.

அந்தக் குறையை நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருப்புப் பத்தி. ஸ்டேட்மென்டின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைச் சரிபார்த்துக் கொடுக்கிறது. C பற்று, D வரவு, E இருப்பு என்றால் F3-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லாம் 0 வர வேண்டும். வராத இடத்தில், வந்த எண்ணே தப்பின் வகையையும் சொல்லிவிடும். இருப்பு 48,215.50, அடுத்து 3,540 பற்று, இருப்பு 44,675.50. அந்த 3,540-ஐ 8,540 என்று படித்திருந்தால் அந்த ஒரு வரியில் மட்டும் -5000 நிற்கும். அடுத்து 12,000 வரவு, இருப்பு 56,675.50. இந்த 12,000 பற்றுப் பத்திக்கு நகர்ந்திருந்தால் -24000, அதாவது தொகையின் இரு மடங்கு. இருப்பையே 58,675.50 என்று படித்திருந்தால் அந்த வரியில் -2000, அடுத்த வரியில் +2000 என்று ஜோடியாக வரும். ஜோடியைப் பார்த்தால் பற்று, வரவைத் தொடாமல் இருப்பை மட்டும் போட்டோவோடு ஒத்துப் பாருங்கள். #VALUE! வந்தால் இருப்புக்குப் பின்னால் Cr ஒட்டியிருக்கும், அல்லது பூஜ்யம் O எழுத்தாகியிருக்கும்.

பத்தி நகர்வதுதான் எக்ஸெலின் பலவீனம், இந்தச் சூத்திரம் தவறாமல் பிடிப்பதும் அதையேதான். அப்புறம் எனக்கு டெசராக்டின் இடக்கணக்கு எதற்கு? 11 பக்கத்திலும் சேர்த்து 19 வரியில்தான் 0 வரவில்லை. அதில் 12 பத்தி நகர்ந்தவை. ஒரு இடத்தில் பக்கம் மாறும் வரியில் பெரிய தொகை நின்றது. பார்த்தால் ஏழாம் பக்கத்தை அவர் போட்டோவே எடுக்கவில்லை. 12 பக்க ஸ்டேட்மென்ட் அது.

இரண்டு விஷயம் கவனம். சில ஸ்டேட்மென்டில் புதிய வரி மேலே இருக்கும், அப்போது தலைகீழாக அடுக்கிவிட்டுத்தான் சூத்திரம் போட வேண்டும். தேதியும் செக் எண்ணும் இந்தச் சோதனையில் சிக்காது. தேதி முன்வரியின் தேதிக்கு முந்தியதாக வருகிறதா என்றாவது பார்க்கலாம், செக் எண்ணைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எண்பது, நூறு பக்கம் வந்தாலோ, படத்தை எங்கும் ஏற்றக்கூடாது என்று கட்சிக்காரர் சொன்னாலோ டெசராக்டுக்குத்தான் உட்காருவேன். அப்போதும் F பத்தி இருக்கும்.