டெக்கில் இருந்தது, எஸ்ஓடபிள்யூவில் இல்லை: கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருப்பூரில் சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை எந்த ஆர்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று திரையில் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று போன வருடம் ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். பேசிய தொகை ஜிஎஸ்டி போக 14 லட்சம். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எப்படி ஏமாந்தோம் என்பதை மட்டும் முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே வழியில் இன்னும் பலர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் கொண்டுவந்த டெக்கில், அதாவது விற்பனைக்குக் காட்டும் பிரசன்டேஷனில், 22 ஸ்லைடு. இரண்டு முறை உட்கார்ந்து பேசினோம், நாங்கள் கேட்ட மாற்றங்களைச் செய்து மூன்றாவது பதிப்பை அனுப்பினார்கள். "இதுதான் ஃபைனல், ஓகே" என்று மெயில் போட்டேன். பத்து நாளில் 9 பக்க எஸ்ஓடபிள்யூ வந்தது, என்னென்ன வேலை, எப்போது, எவ்வளவுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடும் ஆவணம் அது. நானும் எங்கள் கணக்காளரும் தொகையையும் தேதிகளையும் சரிபார்த்தோம். மீதி எல்லாம் பேசியதுதானே என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டேன். டெக்கையும் எஸ்ஓடபிள்யூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

டெக்கின் 11-வது ஸ்லைடில் "டேலியுடன் முழு ஒருங்கிணைப்பு" என்று பெரிய எழுத்தில் இருந்தது. எஸ்ஓடபிள்யூவில் அதே வேலை "டேலிக்கு ஏற்ற வடிவில் தரவு ஏற்றுமதி" என்று இருந்தது. படிக்கும்போது எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. நடைமுறையில் முதலாவது, நம் ஆள் சலான் போட்டவுடன் டேலியில் வவுச்சர் தானாக விழுவது. இரண்டாவது, ஒரு எக்செல் ஃபைல். அதை டவுன்லோட் செய்து, பிழை பார்த்து, டேலியில் ஏற்றுவது நம் வேலை.

8-வது ஸ்லைடில் "பழைய ஆர்டர் விவரங்கள் புதிய சிஸ்டத்துக்கு மாற்றப்படும்" என்று இருந்தது. எஸ்ஓடபிள்யூவின் டெலிவரபிள் பட்டியலில் அது இல்லவே இல்லை. கடைசிப் பக்கத்தில் "இதில் சேராதவை" என்ற தலைப்பின் கீழ், சின்ன எழுத்தில், ஆறாவது வரியாக இருந்தது: தரவுச் சுத்திகரிப்பும் இடமாற்றமும் வாடிக்கையாளர் பொறுப்பு. சூப்பர்வைசர்களுக்குத் தமிழ்த் திரை என்று டெமோவில் காட்டியதும் அதே பட்டியலில் "பல மொழி வசதி" என்ற பெயரில் போயிருந்தது. தமிழ் என்ற சொல்லே அந்த 9 பக்கத்தில் எங்கும் இல்லை.

கேட்டபோது விற்பனைக்கு வந்தவர், "சார், டெக் ஒரு பார்வைக்குத்தான். கான்ட்ராக்ட் எஸ்ஓடபிள்யூ தான்" என்றார். மூன்றுக்கும் தனித்தனியே கூடுதல் வேலைக் கட்டணம் வந்தது: டேலிக்கு 2.2 லட்சம், பழைய தரவுக்கு 1.6 லட்சம், தமிழ்த் திரைக்கு 90 ஆயிரம். 14 லட்சத்துக்குப் பேசிய அதே வேலைக்கு மேலும் 4.7 லட்சம்.

"ஓகே என்று மெயில் போட்டிருக்கிறேனே, அது செல்லாதா?" என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் எஸ்ஓடபிள்யூவின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினார். இந்த ஆவணமே முழு ஒப்பந்தம், இதற்கு முன் நடந்த பேச்சு, மெயில், பிரசன்டேஷன் எல்லாவற்றையும் இது மாற்றீடு செய்கிறது என்று ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டாலும், எழுத்தில் முடித்த ஒப்பந்தத்தின் ஷரத்துக்கு எதிராக வாய்ப் பேச்சைச் சாட்சியாக வைப்பது கடினம் என்றார். பழைய சாட்சியச் சட்டத்தின் 92-ம் பிரிவு, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 95-ம் பிரிவு. மோசடி, தவறான புரிதல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்கும் சுமை நம் தலையில். 4.7 லட்சத்துக்காக அந்த வழியில் போக எனக்குத் தெம்பில்லை.

அடுத்தது பணம் போன விதம். மைல்ஸ்டோன்கள் இப்படி இருந்தன: கையெழுத்தின்போது 40 சதவீதம், வடிவமைப்பு ஆவணம் ஒப்படைத்தவுடன் 30, சோதனைச் சர்வரில் நிறுவியவுடன் 20, நேரடிப் பயன்பாட்டுக்கு வந்தபின் 10. மேலோட்டமாகப் பார்த்தால் வேலை நடக்க நடக்கப் பணம் என்றுதான் தெரியும். கவனித்துப் பாருங்கள், முதல் மூன்றும் அவர்கள் ஏதோ ஒன்றை அனுப்பினாலே நிறைவேறிவிடும். அது வேலை செய்கிறதா என்று நாங்கள் சொல்ல வேண்டிய இடம் எங்குமே இல்லை. கட்டிங் டேபிளில் இருந்து ஒரு பண்டில்கூடச் சிஸ்டத்தில் பதிவாகும் முன்பே 12.6 லட்சம் போய்விட்டது. கையில் மிச்சம் 1.4 லட்சம். அதை வைத்துக்கொண்டு யாரை என்ன கேட்க முடியும்?

அதோடு ஒரு வரி: ஒப்படைத்து 5 வேலை நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். சோதனைச் சர்வர் லிங்க் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. ஊரே காலியாகும் வாரம். தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப எங்களுக்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது. வேலை நாள் என்றால் அவர்கள் அலுவலக நாட்காட்டிப்படி என்று எஸ்ஓடபிள்யூவில் இருந்தது, அவர்களோ இரண்டே நாளில் திறந்துவிட்டார்கள். நாங்கள் லாகின் செய்து பார்த்தபோது அது "ஏற்றுக்கொள்ளப்பட்ட" நிலையில் இருந்தது, இன்வாய்சும் வந்திருந்தது.

பேக்கிங் பகுதிக்கு பார்கோடு ஸ்கேனிங் செய்ய இந்த வருடம் வேறொருவரை அமர்த்தினோம். இந்த முறை எஸ்ஓடபிள்யூவை எழுத ஒத்துக்கொண்ட டெக்கில் இருந்தே தொடங்கினோம். எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

டெக்கை ஸ்லைடு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் போட்டோம். படத்தில் காட்டிய திரைக்கும் எண் உண்டு, டெமோவில் காட்டியதும் வாக்குறுதிதானே. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது எஸ்ஓடபிள்யூவில் எந்தப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினோம். செய்து தருவது, நாம் செய்து கொடுக்க வேண்டியது, இதில் சேராதது, வெறும் விற்பனைப் பேச்சு. இந்த நான்கில் ஒன்றில் எல்லா வரியும் விழ வேண்டும். எதிரே காலியாக நிற்கும் எண்தான் நாளை தனி பில்லாக வரும். 14 ஸ்லைடில் எங்களுக்கு 37 எண் வந்தது, அவர்கள் அனுப்பிய முதல் வரைவில் 6 எண்ணுக்கு இடமே இல்லை. அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. டெக்கைச் செய்பவர் ஒருவர், எஸ்ஓடபிள்யூவை எழுதுபவர் இன்னொருவர், அவர் பழைய வாடிக்கையாளரின் ஃபைலை எடுத்துப் பெயர் மாற்றுகிறார். இடையில் விழுந்துவிடுகிறது.

அப்புறம் டெலிவரபிள். "ஒருங்கிணைப்பு", "ஆதரவு", "முழுமையான" போன்ற சொற்களை அப்படியே விடாதீர்கள். எத்தனை, எவ்வளவு நேரத்தில், யார் பார்த்துச் சரி என்று சொல்வார் என்பது வர வேண்டும். பழைய டேலி வரியை இப்போது நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சலான் சேமித்த 15 நிமிடத்துக்குள் டேலிபிரைமில் வவுச்சர் தானாகப் பதிவாக வேண்டும். விற்பனை, மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன் ஆகிய மூன்று வகை. சோதனை: வாடிக்கையாளர் தரும் 50 சலான்களும் சரியான பார்ட்டி, சரியான ஆர்டர், சரியான அளவுடன் பதிவாக வேண்டும். அலுவலக நேரத்தில் டேலி கணினியில் கம்பெனி திறந்திருப்பது வாடிக்கையாளர் பொறுப்பு. டேலி லைசென்ஸ், பதிப்பு மேம்பாடு ஆகியவை இதில் சேரா."

இதில் கடைசி இரண்டு வாக்கியமும் அவர்களுக்கான பாதுகாப்பு. டேலி திறந்திருந்தால்தான் வெளியே இருந்து வரும் பதிவை அது வாங்கிக்கொள்ளும். நம் ஆள் மூடிவிட்டுப் போனால் அவர்களைக் குறை சொல்லக் கூடாது. சேராதவைப் பட்டியல் இருப்பது நல்லதுதான், நியாயமான நிறுவனத்துக்கு அது அவசியம். ஆனால் அந்தந்தச் சேராதது அந்தந்த டெலிவரபிளுக்குக் கீழேயே இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொதுவான சொற்களில் குவிந்திருந்தால், ஒவ்வொன்றையும் டெக்கின் எண்களோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு எண்ணைத் தொட்டால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த வேலைக்கு உண்டான தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

டெக்கையே இணைப்பாக வைத்துவிட்டால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முரண்பாடு வந்தால் எஸ்ஓடபிள்யூவே செல்லும் என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். சேராதவையில் "தரவு இடமாற்றம்" என்று எழுதியிருந்தால், இணைப்பில் உள்ள 8-வது ஸ்லைடு அங்கே தோற்றுவிடும். எஸ்ஓடபிள்யூ பேசாமல் விட்ட விஷயத்துக்கு மட்டும்தான் இணைப்பு உதவும். வையுங்கள், ஆனால் எண் போடும் வேலைக்கு அது மாற்று இல்லை.

மைல்ஸ்டோனை நாங்கள் கண்ணால் பார்க்கக்கூடிய நிகழ்வாக மாற்றினோம். முன்பணம் 20 சதவீதம். ஒரு டேபிளில் 200 பெட்டி ஸ்கேன் ஆகி, பேக்கிங் லிஸ்டோடு எண்ணிக்கை ஒத்துப்போனால் 30. எல்லா டேபிளிலும் ஒரு வாரம் ஓடினால் 30. ஒரு ஷிப்மென்ட் முழுதாகப் போனபின் மீதி 20. ஏற்பதோ மறுப்பதோ எங்கள் பேக்கிங் மேனேஜர் மெயிலில் சொல்ல வேண்டும், 10 வேலை நாள் அவகாசம், எங்கள் யூனிட் விடுமுறைகள் கணக்கில் வராது. பேசாமல் இருந்தால் ஏற்றதாக ஆகாது, அவர்கள் எங்கள் இருவருக்கு நினைவூட்டல் அனுப்பி மேலும் 5 நாள் காத்திருக்க வேண்டும். அவர்கள் முன்பணம் 30 கேட்டார்கள், 25-ல் முடிந்தது, இரண்டாவது தவணை அதற்கேற்ப 25 ஆனது.

முதல் சோதனையில் 200-க்கு 188 தான் ஒத்துப்போனது. ஒரே ஸ்டைலில் இரண்டு கலருக்கு ஒரே பார்கோடு விழுந்திருந்தது. நாலு நாளில் சரிசெய்து மறுபடி ஓட்டிக் காட்டினார்கள், 200-ம் சரி. அன்று சாயங்காலமே அந்தத் தவணையை அனுப்பினேன்.

பழைய சிஸ்டத்தில் டேலி வேலையை மட்டும் பேசி 1.5 லட்சத்துக்கு வாங்கினோம். தமிழ்த் திரை இன்னும் இல்லை, சூப்பர்வைசர்கள் பட்டன்களின் நிறத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். பழைய ஆர்டர்களை எங்கள் கணக்காளர் இரண்டு மாதம் மாலை நேரங்களில் உட்கார்ந்து ஏற்றினார்.