சுண்ணாம்புக் காளவாயா, அம்மோனியா ஆலையா: சூடு யார் பக்கம்?

ஒரு வினையின் வெப்ப மாற்றம் ΔH, ஒழுங்கின்மை மாற்றம் ΔS இரண்டும் எதிரெதிர்க் குறியில் இருந்தால், அது தன்னிச்சையாக நடக்குமா என்று பார்க்கக் கணக்கே தேவையில்லை. ΔH மைனஸ், ΔS பிளஸ் என்றால் எந்த வெப்பநிலையிலும் தன்னிச்சையாக நடக்கும். மாறி இருந்தால் எந்த வெப்பநிலையிலும் நடக்காது. குழப்பமெல்லாம் இரண்டும் ஒரே குறியில் இருக்கும்போதுதான், ஏனென்றால் வினை தன்னிச்சையாக நடக்க ΔG மைனஸாக வேண்டும், ΔG = ΔH − TΔS என்பதில் ஜெயிப்பது யார் என்று வெப்பநிலை T தான் தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட இரண்டு வினைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, சுண்ணாம்புக்கல் வேகுவது: CaCO₃ → CaO + CO₂. பிணைப்பை உடைக்க வெப்பம் வேண்டும், அதனால் ΔH = +178.3 கிலோஜூல்; திடத்திலிருந்து வாயு வெளியேறுவதால் ΔS = +160.5 ஜூல்/கெல்வின். இரண்டும் பிளஸ், அதாவது சூடு ஏற ஏற வினைக்குச் சாதகம். இன்னொன்று அம்மோனியா: N₂ + 3H₂ → 2NH₃. வெப்பம் வெளியேறுகிறது, ΔH = −92.2; நான்கு மோல் வாயு இரண்டாகச் சுருங்குகிறது, ΔS = −198.7. இரண்டும் மைனஸ், ஆகவே சூடு இதற்கு எதிரி. இவ்வளவையும் குறிகளே சொல்லிவிடும். எந்த வெப்பநிலையில் திசை மாறும் என்பதை மட்டும் அவை சொல்லாது.

அதற்கு ΔG-ஐ பூச்சியமாக்கினால் போதும்:

```
T = ΔH / ΔS
CaCO₃:  178300 / 160.5 = 1111 K  (838 °C)
NH₃:   −92200 / −198.7 = 464 K   (191 °C)
```

இங்கே எல்லோரும் ஒரு தடவையாவது சறுக்குவது அலகில். ΔH கிலோஜூலில், ΔS ஜூலில் தரப்படும். அப்படியே வகுத்தால் சுண்ணாம்புக்கல் 1.1 கெல்வினில் வேகும் என்று விடை வரும், அதைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும். விடை மைனஸில் வந்தால் அது தப்பு என்று அடித்துவிடாதீர்கள், முதலில் குறிகளைப் பாருங்கள்: எதிரெதிர்க் குறி என்றால் இந்த வினைக்குத் திசை மாறும் வெப்பநிலையே இல்லை என்று அர்த்தம்.

சரி, இந்த எண்கள் எவ்வளவு நம்பகம்? சுண்ணாம்புக்கல்லில் வெளிவரும் CO₂-இன் அழுத்தம் 1 வளிமண்டலத்தை எட்டுவது உண்மையில் 900 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான், நாம் போட்டதோ 838. இந்த 60 டிகிரி எங்கே போனது என்றால், நாம் எடுத்த ΔH, ΔS இரண்டும் 25 டிகிரியில் அளந்தவை, ஆயிரம் கெல்வினுக்கு மேல் போகும்போது அவை அப்படியே இருப்பதில்லை. பரீட்சைக்கு இது போதும், காளவாய் கட்டுவதற்குப் போதாது.

அம்மோனியாதான் சுவாரசியம். 191 டிகிரிக்கு மேல் தன்னிச்சையாக நடக்காது என்று கணக்கு சொல்ல, ஆலைகள் 400-500 டிகிரியில் ஓட்டுகின்றன. கணக்கு பொய்யில்லை, அது எல்லா வாயுவும் 1 பார் அழுத்தத்தில் இருக்கும் நிலைக்கான கணக்கு, அவ்வளவுதான். நைட்ரஜனின் முப்பிணைப்பு லேசில் அசையாது, இரும்பு வினையூக்கி இருந்தும் இவ்வளவு சூடு வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டில் இழந்ததை அழுத்தத்தில் மீட்கிறார்கள். 450 டிகிரியில் (723 K), 1 பார் நிலைக்கான ΔG° = −92.2 + 143.7 = +51.5 கிலோஜூல். ஆனால் மொத்த அழுத்தம் 200 பார், அதில் அம்மோனியா 15 சதவீதம், மீதியில் ஹைட்ரஜன் மூன்று பங்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் வினை விகிதம் Q, அதாவது அம்மோனியா அழுத்தத்தின் வர்க்கத்தை நைட்ரஜன் அழுத்தம், ஹைட்ரஜன் அழுத்தத்தின் கனம் இரண்டின் பெருக்கலால் வகுத்தது, ஏறக்குறைய லட்சத்தில் ஒன்று. இந்தக் கலவைக்கு ΔG = ΔG° + RT ln Q, அதில் RT ln Q = −69. கூட்டினால் மைனஸ் 17 சொச்சம், வினை முன்னே போகிறது. இதே கலவைக்குத் திசை மாறும் வெப்பநிலை போட்டால் 620 டிகிரி வரும். அதை அப்படியே நம்பாதீர்கள், 200 வளிமண்டல அழுத்தத்தில் 500 டிகிரியிலேயே சமநிலை அம்மோனியா 18 சதவீதத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதாவது கணக்கு நூறு டிகிரி அளவுக்குத் தள்ளிப் போகிறது, திசையை மட்டும் சரியாகக் காட்டுகிறது.

சுண்ணாம்புக்கு இதே விஷயம் தலைகீழாக உதவுகிறது. காற்றில் CO₂ 0.04 சதவீதம்தான், அந்த அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டால் 838 டிகிரி என்பது 517-ஆகக் குறைகிறது. காளவாயில் காற்றோட்டம் வேண்டும் என்பது நெருப்பு எரிய மட்டுமல்ல, வெளிவரும் CO₂-ஐ அள்ளிக்கொண்டு போகவும்தான். ஆனால் பெரிய கல்லின் நடுவில் காற்று புகாது, அங்கே CO₂ அடைபட்டு நிற்பதால் 900 டிகிரி ஏறினால்தான் உடையும். வெந்த கல்லில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: மேல் பகுதி கொதித்துப் பொடியாகும், சூடு போதாமல் எடுத்த கல்லாக இருந்தால் நடுவில் ஒரு கட்டி மட்டும் கல்லாகவே கிடக்கும்.